கெட்ட கனாவை யாரிடம் சொல்வது?

எங்கள் வீட்டில் காலையில் யாராவது "கனா ஒண்டு கண்டன்" என்று தொடங்கினால் உம்மா உடனே குறுக்கே ஒரு கேள்வி கேட்பார். "நல்லதா, கெட்டதா?" நல்லது என்றால் தேநீரைக் கையில் தந்து, உட்கார்ந்து முழுவதையும் கேட்பார். கெட்டது என்றால் அதற்கு மேல் ஒரு சொல்லும் எழும்ப விடமாட்டார். "வாயை மூடு. இடப்பக்கம் துப்பினியா? அவூது சொன்னியா? சரி, போய் முகத்தைக் கழுவு." அத்தோடு அந்த விசாரணை முடிந்துவிடும். பிள்ளைகளாக இருந்தபோது இது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். பேய் துரத்திய கனாவைத்தானே சொல்ல ஆசையாக இருக்கும்? பூங்காவில் நடந்த கனாவை யார் கேட்பார்கள்?

இது உம்மா தானாக உண்டாக்கிய சட்டம் அல்ல என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. இஸ்லாமிய மரபில் கெட்ட கனாவுக்கென்று ஒழுங்கான ஒரு முறை இருக்கிறது. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு பெரிய ஹதீஸ் தொகுப்புகளிலும் கனவுக்குத் தனி அத்தியாயமே உண்டு. முறை இவ்வளவுதான். விழித்தவுடன் இடது பக்கம் 3 தடவை இலேசாகத் துப்ப வேண்டும். ஷைத்தானின் தீங்கிலிருந்தும் கண்ட கனாவின் தீங்கிலிருந்தும் இறைவனிடம் பாதுகாப்புத் தேட வேண்டும். படுத்திருந்த பக்கத்தை விட்டு மறு பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். முடிந்தால் எழும்பித் தொழ வேண்டும். கடைசியாக, அதை யாரிடமும் சொல்லக் கூடாது. இவற்றைச் செய்தால் அந்தக் கனா தீங்கு செய்யாது என்பது வாக்குறுதி. இவை எல்லாம் ஒரே ஹதீஸில் வருவதில்லை. ஒன்றில் துப்புவதும் பாதுகாப்புத் தேடுவதும், இன்னொன்றில் பக்கம் மாறுவது, வேறொன்றில் தொழுகை என்று சிதறிக் கிடந்தவற்றை இப்னு ஹஜர் போன்ற உரையாசிரியர்கள் பின்னாளில் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தினார்கள்.

துப்புவது என்றதும் என் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகள். படுக்கையில் துப்புவதா என்று கேட்பது நியாயம்தான். அறிவிப்புகளில் இதற்கு மூன்று வெவ்வேறு அரபுச் சொற்கள் வருகின்றன. ஒன்று எச்சிலோடு துப்புவது, மற்றது கொஞ்சம் ஈரத்தோடு, மூன்றாவது ஈரமே இல்லாமல் உதட்டால் ஊதுவது. நவவி என்ற பெரிய உரையாசிரியர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இங்கே கருதப்படுவது எச்சில் இல்லாத மென்மையான ஊதல் என்கிறார். எங்களூரில் ஓதி ஊதுவது என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த அளவு மூச்சு. ஷைத்தானை இழிவாக்கி விரட்டுவதற்காகத் துப்புவது என்றும், அந்த நிலைமை மாறிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தின் அடையாளமாகப் பக்கம் மாறிப் படுப்பது என்றும் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அது வந்து சேர்ந்த வழி. அபூ ஸலமா என்பவர், தான் காணும் கனாக்களால் நோயாளி ஆகிவிடுவதுபோல இருந்ததாகச் சொல்கிறார். அவர் அபூ கதாதா என்ற நபித்தோழரைச் சந்திக்கிறார். அபூ கதாதா சொன்ன பதில், தானும் அப்படித்தான் நோயாளி ஆகிக்கொண்டிருந்தேன், நபிகள் நாயகம் இந்த முறையைச் சொல்லக் கேட்கும்வரை என்பது. ஆக, கனாவால் நோயுற்ற ஒருவர் கனாவால் நோயுற்ற இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்த மருந்து இது. இன்னோர் அறிவிப்பில் அபூ ஸலமா, மலையைவிடப் பாரமாகத் தோன்றும் கனாக்களைக் கண்டுகொண்டிருந்ததாகவும், இதைக் கேட்டபின் அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை என்றும் சொல்கிறார். கனா வருவது நின்றுபோனது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தது, ஆனால் பாரமாக இல்லை.

சொல்லக் கூடாது என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஒரு நாட்டுப்புற அரபி நபிகளிடம் வந்து, தன் தலை வெட்டப்பட்டு உருண்டு ஓடியதாகவும், தான் அதன் பின்னால் ஓடியதாகவும் கனா கண்டேன் என்றார். நபிகளிடமிருந்து பலன் எதுவும் வரவில்லை. ஷைத்தான் உறக்கத்தில் உம்மோடு விளையாடியதை மக்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதீர் என்று மட்டும் கூறினார்கள். இந்த ஹதீஸின் ஓர் அறிவிப்பில் அவர்கள் சிரித்தார்கள் என்றும் வருகிறது. தலை வெட்டப்படுவதற்கு அர்த்தம் தேடினால் நூறு அர்த்தம் சொல்லலாம். பதவி போகும், தகப்பன் சாவார், கடன் தீரும் என்று கனாப்பலன் நூல்கள் அடுக்கும். அங்கே அதில் ஒன்றுக்கும் இடம் கொடுக்கப்படவில்லை. அந்தக் கனா விளையாட்டு என்ற பெயரோடு சிறிதாக்கப்பட்டது.

சொல்வதால் என்ன வந்துவிடும் என்பதை நான் நூல்களில் படிக்கும் முன்பே புத்தளத்தில் பார்த்திருக்கிறேன். 1990 ஒக்டோபர் கடைசியில், எனக்கு 9 வயதில், யாழ்ப்பாணத்தை விட்டு எங்கள் சனம் முழுவதும் 2 மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டது. அதன்பின் பல வருடங்கள் புத்தளத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டில். முகாமில் எல்லோரும் கனாக் கண்டார்கள். கிணற்றடியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் அதைக் கதைத்தார்கள். ஒருநாள் ஓர் அக்கா தன் கடைவாய்ப் பல் கழன்று உள்ளங்கையில் விழுந்ததாகக் கனாக் கண்டேன் என்றா. பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருவர் வாளியைக் கீழே வைக்காமலே, "வீட்டில ஒரு மவுத்து விழும்" என்றார். அந்த அக்காவின் புருஷன் வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார். தொலைபேசி வசதி இல்லாத காலம். அந்த அக்கா 3 நாள் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் புருஷன் ஒரு பை பாணோடு வந்து இறங்கினார். அப்போதாவது கதை முடிந்ததா என்றால் இல்லை. ஐந்து மாதம் கழித்து அந்த அக்காவின் தகப்பன், 70 வயதைத் தாண்டியவர், நெஞ்சு நோவில் இறந்தார். "நான் அப்பவே சொன்னன்" என்றார் கிணற்றடிப் பெண்.

நபிமொழி ஒன்றில் இதற்கு அருமையான ஓர் உவமை இருக்கிறது. விளக்கம் சொல்லப்படாதவரை கனா ஒரு பறவையின் காலில் இருக்கிறது, விளக்கம் சொல்லப்பட்டதும் விழுந்துவிடுகிறது என்ற கருத்து. அதனால்தான் கனாவைத் தன்மேல் அன்புள்ளவரிடம் அல்லது அறிவுள்ளவரிடம் தவிர வேறு எவரிடமும் சொல்லாதே என்று அதே மொழி தொடர்கிறது. கிணற்றடியில் நடந்தது இதுதான். கனா பறவையின் காலில் இருந்தபோது அது எங்கேயும் போயிருக்கலாம், பறந்து மறைந்தும் இருக்கலாம். ஒரு வாய் அதற்கு மவுத்து என்று பெயர் வைத்தபின் அது அந்த வீட்டுக் கூரைமேல் வந்து இறங்கிவிட்டது. பிறகு எந்தச் சாவு வந்தாலும் அது கனாவின் கணக்கில்தான் எழுதப்படும். சாவு வராத நாளெல்லாம் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நாளாகிவிடும்.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. சொன்னால் பலித்துவிடும், ஆகவே வாயைத் திறக்காதே என்று பயமுறுத்துவது அது. அப்படியானால் வாய்தவறி ஒரு வார்த்தை சொன்ன பிள்ளை அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருக்கும். ஆனால் மரபு அவ்வளவு இறுக்கமாக இல்லை. அபூ பக்கர் ஒரு கனாவுக்கு நபிகள் முன்னிலையில் பலன் சொன்னபோது, சிலது சரி, சிலது பிழை என்று பதில் கிடைத்தது. அந்த ஹதீஸை வைத்துத்தான் புகாரி, முதலில் விளக்கம் சொன்னவர் பிழைவிட்டால் அது செல்லாது என்ற கருத்தில் ஒரு தலைப்பே இட்டிருக்கிறார். விளக்கத்துக்கு மந்திர சக்தி கிடையாது. கேட்கிறவரின் மனதில்தான் அதன் வேலை நடக்கிறது. கெட்ட கனாவைச் சொல்லாமல் இருப்பது அந்த மனதைக் காப்பாற்றுவதற்காக.

இதே பிரச்சினைக்கு யூதர்கள் கண்ட வழியை ரொறன்ரோவில் என்னோடு ஒரே திட்டத்தில் வேலை செய்த ஒருவர் மூலம் அறிந்தேன். மனதை வருத்தும் கனாவைக் கண்டவர் 3 பேரின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தல்மூதின் பெராகோத் பகுதி சொல்கிறது. தன்னை நேசிக்கும் மூவராக அவர்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். போய் நின்று, நான் ஒரு நல்ல கனாக் கண்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். அவர்கள் மூவரும், அது நல்லது, நல்லதாகவே ஆகட்டும் என்ற கருத்தில் திரும்பத் திரும்ப உறுதி சொல்வார்கள். பிறகு வேதத்திலிருந்து 9 வசனங்கள். துக்கம் மாறுவதைப் பற்றி 3, மீட்பைப் பற்றி 3, சமாதானத்தைப் பற்றி 3. கனாவை நல்லதாக்கும் சடங்கு என்று இதற்குப் பெயர்.

முதலில் கேட்டபோது, எங்கள் முறைக்கு இது நேர் எதிர் என்று நினைத்தேன். ஒருவர் யாரிடமும் சொல்லாதே என்கிறார், மற்றவர் மூவரைக் கூட்டு என்கிறார். நண்பர் சிரித்துக்கொண்டு, "அந்தச் சடங்கில் கனா என்னவென்று யார் சொன்னது?" என்று கேட்டார். உண்மைதான். அந்த மூவருக்கும் கண்டது பல்லா, பாம்பா, தலையா என்பது தெரியவே வேண்டியதில்லை. ஆள் வருந்துகிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கனாவை மூடியே வைத்துவிட்டு, கண்டவரைச் சுற்றி மூன்று பேர் நிற்கிறார்கள். எங்கள் உம்மா "நல்லதா, கெட்டதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தியதும் கிட்டத்தட்ட அதேதான்.

இரண்டு மரபுக்கும் அடியில் இருக்கும் அச்சமும் ஒன்று. கனாக்கள் எல்லாம் வாயைப் பின்தொடர்ந்து போகின்றன என்ற கருத்து அதே பெராகோத் பகுதியில் வருகிறது. அதை விளக்க பார் ஹெத்யா என்ற ஒரு பலன் சொல்பவனின் கதையும் இருக்கிறது. காசு கொடுத்தவருக்கு நல்ல பலன், கொடுக்காதவருக்குக் கெட்ட பலன் சொல்வது அவன் தொழில். அபாயே, ராவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே மாதிரிக் கனாக்களோடு அவனிடம் போகிறார்கள். அபாயே காசு கொடுத்தார், ராவா கொடுக்கவில்லை. அபாயேக்கு எல்லாம் செழிப்பு, ராவாவுக்கு மனைவியின் சாவு உட்பட ஒன்றன்பின் ஒன்றாக இழப்பு. பலன் சொல்கிறவனின் வாய்தான் கனாவை வழிநடத்துகிறது என்பதை ராவா ஒருநாள் அவனுடைய புத்தகத்திலேயே வாசித்துக் கண்டுபிடிக்கிறார், கொதித்துப் போகிறார். கிணற்றடிப் பெண் காசு வாங்கவில்லை. மற்றபடி இது எனக்குத் தெரிந்த கதைதான்.

இவ்வளவும் ஒரு இரவு வந்து போகும் கெட்ட கனாவுக்குப் பொருந்தும். எனக்குத் தெரிந்த பெரும்பாலான கனாக்கள் அந்த வகைதான். என் மகள் 7 வயதில் ஒருமுறை நள்ளிரவில் ஓடிவந்து, சொல்லத் தொடங்கினாள். நான் உம்மா செய்ததைச் செய்தேன். இடப்பக்கம் 3 தடவை ஊதச் சொன்னேன், அவூது சொல்லிக் கொடுத்தேன், தலையணையை மற்றப் பக்கம் வைத்துத் திருப்பிப் படுக்க வைத்தேன். ஐந்து நிமிடத்தில் நித்திரை. காலையில் அவளுக்குக் கனா ஞாபகமே இல்லை. இதில் ஷைத்தானை நம்பாதவருக்கும் புரியக்கூடிய ஒரு பயன் இருக்கிறது. பயந்த பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் உடம்புக்கும் வரிசையாக ஒரு சிறு வேலை கிடைக்கிறது, கதை மறுபடி ஓடுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் ஒரே கனா 30 வருடமாக வந்தால்?

உம்மா எங்களோடு வந்து சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் இது எங்கள் கண்ணில் பட்டது. நள்ளிரவு 2 மணி, 3 மணிக்கு அவருடைய அறையில் விளக்கு எரியும். வாரத்தில் மூன்று நாலு நாள். தொழுகிறார் என்று நாங்கள் எண்ணினோம். தொழத்தான் செய்தார். ஆனால் தொழுதபின் படுக்கவில்லை. சுபஹு வரை நாற்காலியில் இருப்பார், பகலில் சோற்றுக் கோப்பையோடு கண்ணயர்வார். பிறகு இரவுச் சாப்பாடு முடிந்ததும் படுக்கப் போகாமல் ஏதாவது வேலை தேடத் தொடங்கினார். படுக்கையைக் கண்டாலே பயம் என்பது என் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. கேட்டபோது "கனா ஒண்டு" என்றார். அவ்வளவுதான். புத்தளத்தில் இருந்தே வருகிறதாம். ஒரே கனாவாம். ஒவ்வொரு முறையும் துப்பி, அவூது சொல்லி, பக்கம் மாறி, எழும்பித் தொழுது, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். முறையில் ஒரு படியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. கனா மட்டும் போகவில்லை.

குடும்ப வைத்தியர் உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். உம்மா வர மறுத்தார். காரணம் தெளிவாக இருந்தது. அந்த இடத்தில் கனாவைச் சொல்லச் சொல்வார்கள், சொல்லக் கூடாது என்பது மார்க்கம். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த முகாமில் எங்களைப் பயமில்லாமல் வளர்த்ததே அந்தச் சட்டம்தான். எனவே எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, உம்மாவிடம் அவரே நேரில் வந்து கதைத்தார்.

மௌலவி தொடங்கியது அபூ ஹுரைராவின் ஹதீஸிலிருந்து. அதில் கனாக்கள் 3 வகை. இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. ஷைத்தான் கவலைப்படுத்துவதற்காகக் காட்டுவது இரண்டாவது. மனிதன் தன் மனதோடு பேசிக்கொள்வது, அதாவது பகலில் உள்ளே கிடப்பது இரவில் வெளியே வருவது மூன்றாவது. "உம்மா, நீங்க காணுற கனாவில வாற இடம் உண்மையா இருந்த இடமா? வாற ஆக்கள் உண்மையா இருந்த ஆக்களா?" என்று கேட்டார். உம்மா தலையை ஆட்டினார். "நடந்ததா?" அதற்கும் தலையாட்டினார். "அப்ப அதை ஷைத்தான் கட்டின கதை எண்டு சொல்லேலாது. அது உங்கட ஞாபகம். ஷைத்தான்ட விளையாட்டைத்தான் சொல்ல வேண்டாம் எண்டது. வருத்தம் எண்டால் மருந்து தேடச் சொல்லியிருக்கு."

பிறகு அவர் உஹது போரைப் பற்றிய ஒரு செய்தியையும் சொன்னார். நபிகள் தன் வாள் முறிவதாகவும் மாடுகள் வருவதாகவும் கனாக் கண்டார்கள்; உஹதில் இறைநம்பிக்கையாளர்களுக்கு நேர்ந்த இழப்பை அது குறித்தது. அந்தக் கனா மறைக்கப்படவில்லை, தோழர்களுக்குச் சொல்லப்பட்டது, இன்றும் நூலில் இருக்கிறது. ஆகவே துக்கமான கனா எல்லாமே வாய்திறக்கக் கூடாத கனா அல்ல. எது, யாரிடம் என்பதுதான் கேள்வி. அன்புள்ளவரிடம் அல்லது அறிவுள்ளவரிடம் என்று வாசல் ஒன்று திறந்துதான் இருக்கிறது.

உம்மா ஒரு நாள் முழுவதும் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மொழிபெயர்க்க நான் வரக் கூடாது. மருமகளும் வேண்டாம். "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் அதைக் காணுவீங்க." ஆகவே அந்த இடத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தார்கள். வன்னியிலிருந்து வந்த, என்னைவிட இளைய ஒரு தமிழ்ப் பெண். நான் வெளியே காத்திருக்கும் அறையில் இருந்தேன். முதல் நாள் முடிந்து காரில் ஏறியதும் உம்மா சொன்னது ஒன்றுதான். "நல்ல பிள்ளை. குறுக்க ஒண்டும் கேக்கேல்ல."

அவர்கள் செய்த சிகிச்சையின் முறையைப் பின்னர் நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். கனாவின் காட்சியை மாற்றி ஒத்திகை பார்ப்பது என்று சொல்லலாம். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட 168 பெண்களோடு பாரி கிராகோவ் என்பவரின் குழு இதைச் சோதித்து 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. சிகிச்சை பெற்றவர்களுக்குக் கெட்ட கனாக்கள் குறைந்தன, நித்திரை முன்னேறியது. அமெரிக்க நித்திரை மருத்துவ அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைப் பரிந்துரைக்கிறது.

செய்வது எளிது. பகலில், விழித்திருக்கும்போது, அந்தக் கனாவை எடுத்து எந்த இடத்திலாவது மாற்ற வேண்டும். முடிவையோ தொடக்கத்தையோ, ஓர் ஆளையோ ஒரு கதவையோ, எப்படி விருப்பமோ அப்படி. எது சரியான மாற்றம் என்று வைத்தியர் சொல்வதில்லை. பிறகு மாற்றிய கனாவை மட்டும் நாளுக்கு 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓடவிட வேண்டும். பழைய கனாவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது இந்தச் சிகிச்சையில் இல்லை. கனாவை விவரிப்பதும்கூடக் குறைந்த அளவுதான் தேவைப்படுகிறது. அதை வாசித்தபோது எனக்கு உம்மாவின் சட்டமும் நண்பர் சொன்ன மூவரும் ஒன்றாக ஞாபகம் வந்தார்கள். கெட்ட கதையை மறுபடி ஓட்டாதே, அதன் மேல் நல்லதை வை என்பதுதான் மூன்றிலும் இருக்கிறது. ஷைத்தான் யார், ஞாபகம் எது என்பதில் அவை ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை.

உம்மா அசர் தொழுகைக்குப் பின் தஸ்பீஹு மணியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்து இந்த ஒத்திகையைச் செய்தார். அந்த நேரத்தில் யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. சில நாள் முகம் இறுகியிருக்கும், சில நாள் உதடு அசையும். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. ஓர் இரவு முன்னதைவிட மோசமாகவும் இருந்தது, இனிப் போகமாட்டேன் என்றார், பிறகு போனார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வாரத்துக்கு நாலு என்பது ஒன்று, சில வாரம் ஒன்றுமில்லை என்றானது. முழுவதுமாக நிற்கவில்லை. ஒக்டோபர் கடைசி நெருங்கும்போது மறுபடி வரும். வந்தால் இன்னமும் இடப்பக்கம் துப்பி, அவூது சொல்லித்தான் பக்கம் மாறுகிறார். இப்போது அதற்குப் பின் படுத்து உறங்கிவிடுகிறார் என்பதுதான் வித்தியாசம்.

அந்தக் கனா என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் அந்த 2 மணித்தியாலத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஊகிக்க முடியாதவன் அல்ல. ஆனால் ஊகிப்பதும் ஒரு வகையில் பலன் சொல்வதுதான். அது அந்தப் பறவையின் காலிலேயே இருக்கட்டும்.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பது இதுதான். ஒரு நாள் வந்த கெட்ட கனாவுக்கு உம்மும்மா சொன்ன முறை போதும். ஊது, பாதுகாப்புத் தேடு, திரும்பிப் படு, நண்பர்களின் குழுவில் எழுதி அர்த்தம் கேட்காதே. அதே கனா திரும்பத் திரும்ப வந்தால், உண்மையாக நடந்த ஒன்று அதில் வந்தால், படுக்கப் போகவே பயமாக இருந்தால், பகல் வேலையை அது தின்னத் தொடங்கினால், அப்போது வந்து சொல். எங்களிடம் சொல்ல விருப்பமில்லை என்றால், அதைத் தாங்கக்கூடிய ஒருவரிடம் கூட்டிப் போகிறேன், நான் வெளியே இருக்கிறேன்.

மகளுக்கு இப்போது 14 வயது. "எது எந்தக் கனா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் வாப்பா?" என்று கேட்டாள். உம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார்.

"காலமையில போயிருந்தா அவன்ட. போகாட்டி உன்ட."